வளைகுடாப் பணம் ஊருக்குள் எவ்வளவு தூரம் போகும்?

2023ஆம் ஆண்டில் கேரளத்துக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் 2,16,893 கோடி ரூபாய். அந்த மாநில அரசு ஓராண்டில் வரியும் மத்திய அரசின் பங்கும் சேர்த்து ஈட்டும் வருவாயைவிட இது கணிசமாகக் கூடுதல். 2018இல் இதே கணக்கு 85,092 கோடியாக இருந்தது. ஐந்தே ஆண்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றம் என்று செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டன.

அதே ஆய்வறிக்கையில் இன்னோர் எண்ணும் இருந்தது. அதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. வீடு வீடாகப் போய், "போன வருஷம் வெளிநாட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பணம் வந்தது?" என்று கேட்டுக் கூட்டிப் பார்த்த தொகை அது: 43,378 கோடி. முதல் எண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதிப் பணம் பொய்யில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களின் வங்கி வைப்பு போன்றவற்றையும் கணக்கில் சேர்த்துப் போட்ட மதிப்பீடு பெரிய எண். குடும்பத்தின் கைக்கு வந்துசேர்ந்ததைச் சொல்வது சின்ன எண்.

இரண்டும் ஒரே வேகத்தில் வளரவில்லை என்பதுதான் விஷயம். வீட்டுக்கு வந்த பணம் 2018இல் 30,717 கோடி. அது 43,378 கோடியானது என்றால் ஏற்றம் சுமார் 41 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறத்தாழ 30 சதவீதம் ஏறிவிட்டது. ஆக, மாநிலத்தின் கணக்கில் பணம் கொட்டியது. அடுப்படிக்குப் போன பணம் விலைவாசியைச் சற்றே முந்தியது. அந்நியப் பணத்தால் யாருக்கு என்ன நடந்தது என்று பேசத் தொடங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத்தான்.

இந்த எண்களெல்லாம் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு என்ற தொடர் முயற்சியின் விளைச்சல். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியா, எஸ். இருதய ராஜன் ஆகியோர் 1998இல் இதைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. 2023 சுற்றில் 14 மாவட்டங்களிலும் சேர்த்து 20,000 வீடுகள். ஒரு மாநிலம் தன் வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிக் கால் நூற்றாண்டாகத் தன் மக்களிடமே கேட்டுத் தெரிந்துவைத்திருப்பது உலகத்திலேயே அபூர்வம். தமிழ்நாட்டில் இதே முறையில் 2015இல் ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதாகவும், அவர்கள் போகும் நாடுகளில் சிங்கப்பூரே முதலிடம் என்றும் அது சொன்னது. ஆனால் கேரளம் அளவுக்கு நீண்ட தொடர்ச்சி நம்மிடம் இல்லை. அதனால் இந்தப் பணத்தின் போக்கைப் பார்க்க எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

22,000 ரூபாயில் எவ்வளவு வரவு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஓர் இளைஞர், ஊரில் எலெக்ட்ரீஷியனுக்குக் கையாள். மாதம் 18,000 ரூபாய் கிடைக்கிறது. அதில் தன் சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக 13,000 ரூபாயை வீட்டில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர் சவுதிக்குப் போய் மாதம் 22,000 ரூபாய் அனுப்புகிறார். குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கூடுதல் வருமானம்?

22,000 என்று சொல்லத் தோன்றும். ஊரில் இருந்திருந்தால் கொடுத்திருக்கக்கூடிய 13,000 இப்போது இல்லையே! உண்மையான கூடுதல் 9,000தான். பொருளாதார ஆய்வுகளில் நெடுங்காலம் இந்த இடத்தில்தான் சறுக்கல் நடந்தது. அனுப்பிய தொகை முழுவதையும் லாபமாக எழுதி, "வெளிநாட்டுப் பணம் வந்ததால் இத்தனை பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள்" என்று அறிக்கை போட்டார்கள். போகாமலிருந்தால் அந்தக் குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைக் கணக்கைப் போடாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

இனி கடன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் உரிமம் பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம் என்பது இந்தியச் சட்டம். நடைமுறையில் விசா, சப்-ஏஜென்ட், டிக்கெட், மெடிக்கல் என்று லட்சத்தைத் தாண்டுவது சகஜம். நம் இளைஞர் 1,20,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டியில் புரட்டினார் என்றால், முதல் மாத வட்டி மட்டும் 2,400. கூடுதலாக வரும் 9,000 முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அடைபட 16 மாதம் பிடிக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மிச்சம் எட்டு மாதம். கையில் நிற்பது 75,000 ரூபாய்க்குச் சற்று முன்பின். கடன் 2 லட்சமாக இருந்திருந்தால்? அடைக்க 30 மாதம் ஆகும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதக் கடன் பாக்கி நிற்கும். முதல் பயணத்திலேயே ஊர் திரும்ப முடியாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்கிறவர்கள் பலரும் இந்தக் கணிதத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

இப்போது அடுத்த தெருவில் இன்னோர் இளைஞர். அதே வேலை, அதே கம்பெனி, அதே சம்பளம். ஆனால் இவருடைய மாமா அங்கே பத்து வருடமாக இருக்கிறார். விசா எடுத்துக் கொடுத்துவிட்டார். மொத்தச் செலவு 30,000, அதுவும் வீட்டுச் சேமிப்பிலிருந்து. இரண்டு வருட முடிவில் இவர் குடும்பத்தில் நிற்பது 1,86,000 ரூபாய். சம்பளத்தில் ஒரு ரியால்கூட வித்தியாசமில்லாத இருவருக்கும் நடுவே ஒரு லட்சத்துக்கு மேல் இடைவெளி. ஏற்றத்தாழ்வு என்று பொதுவாகப் பேசப்படுவது விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எதற்குச் செலவழித்தீர்கள் என்ற கேள்வி

எந்த நாட்டில் ஆய்வு செய்தாலும் ஒரே மாதிரி பதில் வரும். நேபாளத்தில் 2010–11 வாழ்க்கைத்தர ஆய்வில், வந்த பணத்தில் ஏறத்தாழ 79 சதவீதம் அன்றாடச் செலவுக்கே போகிறது, கடன் அடைக்க 7 சதவீதம், முதலீட்டுக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் என்று பதில் கிடைத்தது. கேரளத்திலும் முதலில் சாப்பாடு, அடுத்துப் படிப்பு, கடன் என்றுதான் வீடுகள் சொல்கின்றன. இதைப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் தின்றே தீர்க்கிறார்கள், தொழில் தொடங்குவதில்லை" என்று கடிந்துகொள்ளும் மேடைப் பேச்சுகளுக்கும் தலையங்கங்களுக்கும் குறைவில்லை.

இந்தக் கடிதலில் ஒரு கோளாறு இருக்கிறது. பணத்துக்கு அடையாளம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் அரிசி வாங்கிவிட்டு, அப்பாவின் கடை வருமானத்தை மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டும் வீடு, ஆய்வாளரிடம் "வெளிநாட்டுப் பணம் சாப்பாட்டுக்குப் போகிறது" என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை. ஆனால் மகன் அனுப்பாவிட்டால் அரிசி வாங்குவது நின்றிருக்காது, நர்சிங்தான் நின்றிருக்கும். பணம் எந்தச் செலவைச் சாத்தியமாக்கியது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதை வேறு வழியில் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு 1997இல் பிலிப்பைன்ஸில் தானாக வந்து அமைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. பிலிப்பைன்ஸின் பெசோ மதிப்புச் சரிந்தது. அந்நாட்டவர் வேலை பார்த்த நாடுகளின் நாணயங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆடின. வளைகுடா நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டவை என்பதால் பெசோவுக்கு எதிராக எக்கச்சக்கமாக ஏறின. மலேசிய, கொரிய நாணயங்கள் பெசோவோடு சேர்ந்து விழுந்தன. சவுதியில் மகனை வைத்திருந்த குடும்பத்துக்கு, மகன் ஒரு ரியால்கூடக் கூடுதலாகச் சம்பாதிக்காமலே, கைக்கு வரும் பெசோ உயர்ந்தது. மலேசியாவில் மகளை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜூலைக்கு முன் எந்தக் குடும்பமும் இதை எதிர்பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி.

டீன் யாங் என்ற பொருளியலாளர் இந்த இரு வகைக் குடும்பங்களையும் ஒப்பிட்டு 2008இல் ஆய்வை வெளியிட்டார். வேலை செய்யும் நாட்டு நாணயம் 10 சதவீதம் ஏறினால் வீட்டுக்கு வரும் பணம் சுமார் 6 சதவீதம் ஏறியது. அந்தக் கூடுதல் பணம் அன்றாட நுகர்வில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. மாறாக, பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடியது, வேலைக்குப் போன பிள்ளைகளின் உழைப்பு நேரம் குறைந்தது, முதல் போட்டுச் செய்யும் சிறுதொழில்களில் வீடுகள் இறங்கின. வாய்ச்சொல்லைக் கேட்ட ஆய்வுகள் "தின்று தீர்க்கிறார்கள்" என்றபோது, பணத்தைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது.

ஒரு நிபந்தனையோடுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். யாங் அளந்தது எதிர்பாராமல் வந்த கூடுதல் பணத்தை. மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் முதல் பணத்தை அல்ல. முதலில் வரும் பணம் பசிக்கும் கடனுக்கும் போகத்தான் செய்யும். அதற்கு மேல் வருவதுதான் திசை மாறும்.

மலப்புறத்து வீடும் திருநெல்வேலி மேஸ்திரியும்

கேரளத்தில் அந்த மேல்பணம் போய்ச் சேர்ந்த இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்: வீடு. மலப்புறத்தில் ஊர்ச்சாலைகளில் போகும் எவருக்கும் இது பழகிய காட்சி. ஒரு வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. முதல் லீவில் மனை வாங்கப்படும். அடுத்த லீவுக்குள் செம்புறாங்கல் அடுக்கி அஸ்திவாரம். அதற்கடுத்து கூரைத்தளம், அதிலிருந்து மாடிக்கான கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், துருப்பிடித்தபடி, அடுத்த ஒப்பந்தத்துக்காக. வேலை போய்விட்டால் கம்பி அப்படியே நிற்கும். பணப்புழக்கத்தின் ஏற்ற இறக்கத்தை அந்தக் கம்பிகளைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

வீடு கட்டுவதை வீண்செலவு என்பவர்கள், அந்தச் செலவு யார் வீட்டுக்கு வருமானமாகிறது என்பதைப் பார்ப்பதில்லை. கொத்தனார், கையாள், தச்சர், பெயின்டர், லாரிக்காரர், ஹார்டுவேர் கடை என்று அது பிரிந்து போகிறது. இவர்களில் பலர் வெளிநாடே போகாதவர்கள். உள்ளூர் ஆண்கள் பெருமளவில் வளைகுடாவுக்குப் போய்விட, மிஞ்சிய கைகளுக்குக் கிராக்கி கூடியது, கூலி ஏறியது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022–23 கணக்கின்படி கேரளக் கிராமங்களில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய் 50 காசு. தேசியச் சராசரி 393 ரூபாய் 30 காசுதான். கூலி உயர்வுக்குத் தொழிற்சங்கங்களும் கல்வியும் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டடம் கட்ட ஆளுக்கும் பணத்துக்கும் இந்த அளவு தேவை இல்லாதிருந்தால் கூலி இவ்வளவு தூரம் ஏறியிருக்காது.

கூலி ஏறிய இடத்துக்கு ஆள் தேடி வருவது இயல்பு. முதலில் போனவர்கள் தமிழர்கள். திருநெல்வேலி, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் கொத்தனார்களும் மண் வெட்டுகிறவர்களும் மலை தாண்டிப் போய் கேரள நகரங்களின் முக்குகளில் விடிகாலையில் தூக்குவாளியோடு வேலைக்குக் காத்து நின்றார்கள். கொச்சியில் வெலிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தி, தமிழ்த் தொழிலாளிகளின் குடியிருப்பாகவே வளர்ந்தது. பிறகு தமிழ்நாட்டிலும் கூலி ஏறத் தொடங்க, அந்த இடத்துக்கு மேற்கு வங்கம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2013இல் குலாத்தி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு, கேரளத்தில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்றும், அவர்கள் ஆண்டுக்கு 17,500 கோடி ரூபாயைத் தங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றும் மதிப்பிட்டது.

துபாயில் ஈட்டிய திர்ஹம் மலப்புறத்தில் சுவராகி, அந்தச் சுவரை எழுப்பிய கூலி முர்ஷிதாபாத்தில் ஒரு வீட்டின் தகரக் கூரையாகிறது. புள்ளிவிவரத்தில் இவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். பணத்துக்கு அது ஒரே பயணம்.

கூலியைப் போலவே பொருள்களும் வெளியிலிருந்துதான். கேரளத்தில் சிமென்ட் உற்பத்தி சொற்பம்; பெரும்பகுதி தமிழ்நாடு போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்து லாரி ஏறுகிறது. தரை ஓடு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. சமையலறைக்கு வேண்டிய காய் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் முட்டை நாமக்கல்லிலிருந்தும் அரிசி ஆந்திரத்திலிருந்தும் போகிறது. மலப்புறத்தில் இறங்கிய நூறு ரூபாயில் மலப்புறத்திலேயே சுற்றிவருவது கொஞ்சம்தான். அதனால்தான் நுகர்வில் முன்னே நிற்கும் கேரளம் தொழிற்சாலைகளில் அந்த அளவு முன்னே நிற்கவில்லை. கேரளப் பொருளாதாரத்தின் நீண்டகாலப் புதிர்களில் இது ஒன்று.

நுகர்வில் முன்னே நிற்பது மெய்தான். 1970களில் இந்தியச் சராசரியை ஒட்டியே இருந்த கேரளத்தின் தலைக்குச் செலவு, நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய மாநிலங்களின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2022–23 குடும்பச் செலவு ஆய்வில் கிராமக் கேரளத்தின் தலைக்கு மாதச் செலவு 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310, அகில இந்தியக் கிராமச் சராசரி 3,773. ஒரு வேடிக்கை: நகர்ப்புறச் செலவில் தமிழ்நாடு கேரளத்தை முந்திவிடுகிறது. நகரங்களைவிடக் கிராமங்களில்தான் கேரளத்தின் செழிப்பு எடுப்பாகத் தெரிகிறது. வெளிநாட்டுப் பணம் கிராமத்துக்கும் போய்ச் சேர்வதன் அடையாளம் இது என்று கொள்ளலாம்.

போனவர் வீடும் போகாதவர் வீடும்

கேரளத்தில் சுமார் ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான் வெளிநாட்டில் ஆள் இருக்கிறது. மீதி நான்கு வீடுகளின் நிலை என்ன? மேலே பார்த்த கூலி உயர்வு ஒரு பதில். பிலிப்பைன்ஸிலும் யாங், கிளாடியா மார்டினெஸ் என்பவரோடு சேர்ந்து செய்த மற்றோர் ஆய்வில், நாணய அதிர்ஷ்டம் அடித்த பகுதிகளில் வெளிநாட்டில் ஆளே இல்லாத வீடுகளிலும் வறுமை குறைந்ததைக் கண்டார். பணம் வேலியைத் தாண்டுகிறது.

எல்லாமும் நல்லபடியாகத் தாண்டுவதில்லை. கூலி ஏறுவதைவிட வேகமாக ஏறியது மனை விலை. சம்பாத்தியத்தை வைக்க நிலத்தையும் தங்கத்தையும் தவிர வேறு நம்பகமான இடம் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் நிலம் தேடினால் வேறென்ன நடக்கும்? ஐந்து சென்ட் வாங்க ஆசைப்பட்ட ஆட்டோ ஓட்டுநரும் பள்ளி எழுத்தரும் ரியாலோடு போட்டி போட வேண்டியதாயிற்று. நெல் வயல்கள் மண் நிரப்பப்பட்டு மனைகளாயின. 1970களின் நடுவில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த நெல் பரப்பு இப்போது இரண்டு லட்சம் ஹெக்டேரை ஒட்டி நிற்கிறது. ரப்பருக்கும் தென்னைக்கும் மாறியதும் கூலிச் செலவும் இதில் பங்காளிகள். ஆனால் வயல் மனையானதைத் தடுக்க 2008இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. வயல் சுருங்கியபோது முதலில் வேலை இழந்தது நிலமில்லாத விவசாயக் கூலிகள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் வீட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களும் குறைவு.

இதே பணத்தில் இன்னொரு காட்சி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாமே வெளிநாட்டுக்காரர்கள் வீடு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வீடற்றவர்களும் வீட்டுக்கு ஆளற்றவர்களும் ஒரே பஞ்சாயத்தில் இருப்பது எப்படி என்று கேட்க வைக்கிற எண்.

அப்படியானால் வெளிநாட்டுப் பணம் இடைவெளியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி 1986இல் வந்த மெக்சிகோ ஆய்வு. ஓடெட் ஸ்டார்க், எட்வர்டு டெய்லர், ஷ்லோமோ யிட்ஷாகி மூவரும் மிச்சோவாக்கான் மாநிலத்தில் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து அமெரிக்காவுக்கு ஆள் போவது நெடுங்காலப் பழக்கம்; மற்றொன்றுக்கு அது அவ்வளவாகப் பழகாத விஷயம். பழகாத கிராமத்தில் அமெரிக்கப் பணம் ஏற்றத்தாழ்வைக் கூட்டியது. பழகிய கிராமத்தில் குறைத்தது.

காரணம், முன்பு பார்த்த இரண்டு இளைஞர்களின் கணக்கில் இருக்கிறது. முதலில் போகிறவருக்கு வழி தெரியாது, செலவு அதிகம், தோற்றால் தாங்கும் வசதி வேண்டும். அதனால் நடுத்தரத்துக்கு மேற்பட்ட வீட்டுப் பிள்ளைகளே போவார்கள். இருப்பவர் வீட்டிலேயே பணம் சேரும். பத்துப் பேர் போன பிறகு பதினோராவது ஆளுக்கு விசா சொல்ல, வேலை காட்ட, முதல் மாதம் தங்க இடம் கொடுக்க ஆள் இருக்கிறது. செலவு விழுகிறது, கையில் முதலில்லாதவரும் போகிறார். ஏழை வீட்டுக்கும் பணம் வரத் தொடங்கும்போது இடைவெளி சுருங்கும்.

கேரளத்துக்கு இந்தக் கதை பாதிதான் பொருந்தும். வழி பழகிப் போய் அரை நூற்றாண்டாகிறது. நிலமில்லாத, படிப்பு குறைந்த ஏராளமான மாப்பிளா முஸ்லிம் குடும்பங்களை வளைகுடா கைதூக்கிவிட்டது என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வகையில் அது சமன்படுத்திய பணம். ஆனால் விசா உறவு வழியாகவும் ஊர் வழியாகவும் வருவது. மாமா அங்கே இருப்பவருக்குக் கிடைக்கும். வயநாட்டு ஆதிவாசிக்கும் கடற்கரை மீனவருக்கும் மாமா அங்கே இல்லை. வழி பழகினாலும் அது குறிப்பிட்ட ஊர்களுக்கும் சமூகங்களுக்கும்தான் பழகுகிறது. தேசிய மாதிரி ஆய்வுகளின்படி 1990களுக்குப் பிறகு கேரளத்தின் நுகர்வு ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே வந்து, 2011–12 வாக்கில் பெரிய மாநிலங்களிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. அடிமட்டம் தாழவில்லை, மேல்மட்டம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

எல்லா அளவீட்டுக்கும் ஓர் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்டியல் வழியாக வரும் பணத்தை வங்கி பார்ப்பதில்லை. வீட்டுக்காரரும் கேட்பவரிடம் சொல்லத் தயங்குவார். லீவில் வரும்போது கழுத்திலும் பெட்டியிலும் வரும் தங்கம், சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பும் ரொக்கம் எல்லாம் இப்படித்தான். இவை வசதியான வீடுகளுக்குக் கூடுதலாக வருகின்றனவா, ஏழை வீடுகளுக்கா என்பதைப் பொறுத்து ஏற்றத்தாழ்வுக் கணக்கு இப்படியோ அப்படியோ சாயும்.

கொல்லம் முந்தியது எப்படி?

2023 ஆய்வில் பலரையும் புருவம் உயர்த்த வைத்த செய்தி, வெளிநாட்டில் மிக அதிகம் பேரை வைத்திருக்கும் மலப்புறம் பண வரவில் இரண்டாமிடத்துக்குப் போனது. முதலிடம் கொல்லத்துக்கு: மாநிலத்துக்கு வந்ததில் 17.8 சதவீதம். மலப்புறத்துக்கு 16.2. ஆள் எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் இருந்த நேர் உறவு தளர்ந்துவிட்டது. எத்தனை பேர் என்பதைவிட யார், எந்த நாட்டில், என்ன வேலையில் என்பது கனம் பெற்றுவிட்டது.

போகும் நாடுகளும் மாறுகின்றன. 2018இல் கேரளத்திலிருந்து வெளிநாட்டில் இருந்தவர்களில் 89.2 சதவீதம் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். 2023இல் அது 80.5. மொத்த எண்ணிக்கை 21.2 லட்சத்திலிருந்து 22 லட்சமாகத்தான் கூடியது. ஆனால் அதற்குள் மாணவர்கள் சுமார் 1.3 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகப் பெருகிவிட்டார்கள். பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போகும் இந்தப் பிள்ளைகளும் "வெளிநாட்டில் இருப்பவர்" பட்டியலில்தான் வருகிறார்கள். இவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை. வீடு இவர்களுக்கு அனுப்புகிறது. அப்பா முப்பது வருடம் அபுதாபியில் வெயிலில் நின்று சேர்த்த வைப்பும், மாடிக் கம்பிக்காக வைத்திருந்த தொகையும், மனையை அடகு வைத்து எடுத்த கல்விக்கடனும் பல்கலைக்கழகக் கட்டணமாகவும் வாடகையாகவும் கடல் தாண்டிப் போகின்றன.

இது பிள்ளைக்குச் செய்யும் முதலீடுதான். பிலிப்பைன்ஸில் யாங் கண்ட "படிப்புச் செலவு" இதன் சின்ன வடிவம். ஆனால் செலவின் அளவு மாறியதும் போகக்கூடியவர் யார் என்ற கணக்கு மறுபடி தொடங்குகிறது. பத்தாம் வகுப்புத் தாண்டாதவரை ரியாத்துக்கு அனுப்ப ஒன்றிரண்டு லட்சம் கடன் போதுமானதாக இருந்தது. பிரிட்டனில் ஒரு முதுகலைப் படிப்புக்குக் கட்டணம், ஓராண்டு வாழ்க்கைச் செலவு, விசா, வங்கியில் காட்ட வேண்டிய இருப்பு எல்லாம் சேர்த்தால் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அடகு வைக்க மனை இருப்பவரால்தான் அது முடியும். அந்த மனை பெரும்பாலும் முந்தைய தலைமுறையின் வளைகுடாப் பணத்தில் வாங்கியது.

வழி பழகப் பழக ஏழைகளுக்கும் திறக்கும் என்ற மெக்சிகோ பாடம் இந்தப் புதிய பாதையில் நடக்குமா என்பதைச் சொல்ல அடுத்த சுற்று ஆய்வு வர வேண்டும். அதில் வீடுகளிடம் கேட்கும் கேள்வியும் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கும்: உங்களுக்கு எவ்வளவு வந்தது, உங்களிடமிருந்து எவ்வளவு போனது.